சீவி போன பிறகு ஃபோம் எதற்கு?

கேள்வியை அனுப்பிய கையோடு பயம் வந்துவிட்டது. அனுப்பும்வரை துணிச்சலாகத்தான் இருந்தேன்.

கொழும்பில் ஒரு ஏஜென்சியில் வேலைக்கு ஆள் தேடிக் கொடுக்கும் பெண் ஒருவர், நான் அவரை மிஸ் என்றே கூப்பிடுவேன், என் படிப்பும் அனுபவமும் எழுதிய சீவியை வாங்கி ஒரு மென்பொருள் கம்பனியின் மேனேஜருக்கு ஈமெயிலில் அனுப்பியிருந்தார். செயலிகளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. எனக்கு அது வேலையே இல்லை, விளையாட்டு. வீட்டிலிருந்தே செய்யலாம், எப்போதாவது கொழும்புக்குப் போனால் போதும். மேனேஜருக்குச் சீவி பிடித்திருக்கிறது என்று மிஸ் சொன்ன அன்று நான் இருக்கும் சாய்ந்தமருதின் கடற்கரையில் தனியாக ஓடினேன். நாய்கள் துரத்தின. அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு மிஸ் ஒரு லிங்க் அனுப்பினார், கம்பனியின் விண்ணப்பப் படிவம். சீவியில் இருப்பது எல்லாவற்றையும் திரும்பவும் பெட்டி பெட்டியாகக் கேட்டது. ஓ.எல்., ஏ.எல். பரீட்சைப் பெறுபேறுகள் பாடம் பாடமாக. முந்திய வேலையை ஏன் விட்டாய், இடையில் சும்மா இருந்த மாதங்களில் என்ன செய்தாய், உன்னைத் தெரிந்த இருவர் யார். முதல் தடவை பாதியில் கரண்ட் போனது. அடுத்த தடவை, ஓ.எல். சான்றிதழைத் தேடி எடுத்து வருவதற்குள் பக்கம் காலாவதியாகி, தட்டியதெல்லாம் அழிந்துபோனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பொறுமை கெட்டு மிஸ்ஸுக்கு எழுதினேன். என்னுடைய சீவி ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கிறதே, இந்த நீண்ட ஃபோமை விடலாமா?

மனைவி வீங்கிய கால்களைக் கதிரையில் நீட்டியபடி இருந்தாள். அவளுக்கு மாதம் நெருங்கியிருந்தது.

"அனுப்பிட்டீங்களா?"

"ஓம்."

"அல்லாஹ்வே! வேல கிடைக்க முந்தியே லீவு கேட்ட மாதிரியெல்லா இரிக்கி."

சிரித்தேன். சிரித்தபடியே ஃபோனைப் பார்த்தேன். செய்திக்கு அருகில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. படித்துவிட்டார். பதில் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாமி, மனைவியின் தாய், குசினியில் சமைத்தபடியே குரல் கொடுத்தார்.

"மகன், கட்டாரில இருந்து தம்பி கோல் எடுத்தான். பாஸ்போட் கொப்பிய இண்டைக்கே அனுப்பட்டாம். அஸர் தொழுதிட்டு அவன் முதலாளியப் பாக்கப் போவானாம்."

மாமியின் தம்பி அங்கே ஒரு களஞ்சியத்தில் எனக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். நல்ல மனிதர், நல்லதைத்தான் செய்தார். ஆனால் கொப்பி போனால் விசா வரும். விசா வந்தால் நான் போக வேண்டும். பிள்ளையின் முகத்தை முதலில் ஃபோனில்தான் பார்க்க வேண்டியிருக்கும். கட்டார் வேலையைத் தட்டிக்கழிக்க எனக்கிருந்த ஒரே காரணம் கொழும்புக் கம்பனி. அந்தக் கம்பனிக்கு எனக்கிருந்த ஒரே வழி மிஸ். அவரிடம்தான் "ஃபோம் நிரப்பப் பஞ்சியாக இருக்கிறது" என்று சோம்பேறி மாதிரிச் சொல்லாமல் சொல்லியிருந்தேன்.

பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம். நான் சும்மா இருக்கும் ரகமில்லை. கம்பனியின் இணையத்தளத்தை நானே திறந்தேன். அங்கே அதே வேலைக்கு ஒரு குட்டி விண்ணப்பம் இருந்தது. பெயர், ஃபோன், முகவரி, சீவி, அவ்வளவுதான். இவ்வளவு லேசான வழி இருக்க மிஸ் எதற்கு அந்த நீண்ட ஃபோமைத் தந்தார்? முகவரிக்கு நான் இருக்கும் வீட்டைப் போட்டேன். எங்களை எப்படி அறிந்தாய் என்று கேட்டது. அவர்களுடைய தளத்தில்தானே நிற்கிறேன், 'எங்கள் இணையத்தளம்' என்று தெரிவு செய்தேன். கோப்பையில் பிளேன்டி ஆறுவதற்குள் அனுப்பியாயிற்று. மிஸ் கோபித்தாலும் இனி இது இருக்கும் என்று நினைத்தேன். பெரிய கெட்டித்தனம்.

ஜும்ஆவுக்குப் போகும்போது ஃபோனை நிறுத்தினேன். குத்பாவில் சொன்ன ஒன்றும் காதில் ஏறவில்லை. சட்டைப்பையில் அணைந்துகிடந்த ஃபோன் கல் மாதிரி கனத்தது. தொழுகை முடிந்து, செருப்புத் தேடும் கூட்டத்துக்குள் நின்றே அதை உயிர்ப்பித்தேன். மிஸ் திரும்பத் திரும்ப அழைத்ததாகக் குறுஞ்செய்திகள் வந்து விழுந்தன. நான் திருப்பி அழைத்தால் அவர் வேறு அழைப்பில் இருந்தார். பிரதான வீதியில் லொறி இரைச்சல். பூட்டியிருந்த ஒரு புடவைக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றபோது ஃபோன் அடித்தது.

"நீங்க டைரக்டா அப்ளை பண்ணினீங்களா?" சலாமும் இல்லை, வணக்கமும் இல்லை.

"ஓம் மிஸ். நீங்க பதில் போடல்லயே, அதான்..."

"மீட்டிங்ல இருந்தேங்க. கம்பனி எச்.ஆர். கிட்ட கேட்டுட்டு சொல்லலாம்னுதான் வச்சிருந்தேன். அதுக்குள்ள இப்படி செஞ்சிட்டீங்களே!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விளக்கினார். சீவி மேனேஜரின் ஈமெயிலுக்குத்தான் போயிருக்கிறது. கம்பனியின் சிஸ்டத்தில் நான் அதுவரை இல்லவே இல்லை. அவர் தந்த லிங்க்கில் ஏஜென்சியின் அடையாளம் கோர்த்திருக்கிறது. அதற்குள்ளால் ஃபோமை நிரப்பினால்தான் ஏஜென்சி கொண்டுவந்த ஆள் என்று பதியும். இப்போது தானாக வந்தவன் என்று பதிந்திருக்கிறேன். மேனேஜரோ ஏஜென்சி அனுப்பிய ஆள் என்கிறார்.

"யார் கொண்டு வந்த ஆள்னு இழுபறி வந்தா, சில கம்பனி அந்த ஆளே வேணாம்னு அடுத்தவரைப் பாத்துடுவாங்க. தெரியுமா?"

தெரியாது. இப்போது தெரிந்தது.

"இன்னொன்னு. சீவியில மருதமுனை அட்ரஸ். நீங்க போட்டதுல சாய்ந்தமருது. எது உண்மைன்னு எச்.ஆர். கேக்குறாங்க. பேக்ரவுண்ட் செக் பண்ற கம்பனி இது. என்ன சொல்லட்டும்?"

"ரெண்டும் உண்மைதான் மிஸ்."

பொய்காரனின் பதில் மாதிரியே இருந்ததை நானே கேட்டேன். வார்த்தைகள் முட்டிமோதி வந்தன.

"மிஸ், எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதான் பொண்ணுட வீட்டுக்குப் போற. வீடு பொண்ணுக்குத்தான். சீவி கலியாணத்துக்கு முந்தி அடிச்சது, அதில உம்மாட வீடு. ஐடென்டிடி கார்ட், வாக்காளர் லிஸ்ட் எல்லாம் இன்னும் அங்கதான். நான் இரிக்கிறது இஞ்ச. அல்லாஹ்வுக்காக நம்புங்க மிஸ்."

"அப்ப, மாமியார் வீட்டுக்குப் போன மருமக நீங்கதானா?"

"ஓம் மிஸ்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

"சரி, கேளுங்க. நீங்களா போட்டத இப்பவே வாபஸ் எடுங்க. எச்.ஆர்.க்கு ஒரு மெயில் போடுங்க, முதல்ல உங்க சம்மதத்தோட நான்தான் சீவிய அனுப்பினேன்னு. அப்புறம் என் லிங்க்ல முழு ஃபோம். அதுல முந்தின அட்ரஸ்னு தனிப் பக்கம் இருக்கு. ரெண்டு வீட்டையும் அங்க போட்டு, எந்த மாசத்துல இருந்து எந்த மாசம்னு எழுதுங்க. அவங்க ஒஃபிஸ் மூட முதல்ல எல்லாத்தையும் முடிச்சிடுங்க."

விட மனமில்லாமல் கேட்டேன். "மிஸ், காலைல கேட்டனே, விடலாமா எண்டு..."

"இன்டர்வியூ வரைக்கும் சீவி போதும்னு நானே பேசி வாங்கியிருப்பேங்க. ஆனா ஒஃபர் லெட்டர் அந்த ரெக்கோர்ட்ல இருந்துதான் வரும். பின்னணி விசாரிக்க உங்க சம்மதமும் அதுலதான். உங்களுக்காக நான் சம்மதம் போட முடியாதில்ல? தள்ளிப் போடலாம், விட முடியாது. இப்ப நீங்க பண்ணினதால தள்ளிப் போடவும் முடியாது."

வீட்டுக்கு ஓடினேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சான்றிதழ்க் கோப்பை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள்.

"முதல்ல எல்லாத்தையும் ஃபோன் நோட்ல எழுதுங்க. பிறகு கொப்பி பண்ணி ஒட்டலாம். பக்கம் செத்தாலும் எழுத்துச் சாகாது. பிழ தேடுற ஆளாம்! இது தோணல்லயா?"

முந்திய விண்ணப்பத்தை வாபஸ் வாங்கி, எச்.ஆருக்கு மெயிலும் போட்டேன். பிறகு மிஸ்ஸின் லிங்க்கில் சீவியை ஏற்றியபோது படிவம் சில பெட்டிகளைத் தானாகவே நிரப்பியது. நிரப்பிய இலட்சணம், நான் படித்த பாடசாலையை முந்திய வேலைத்தலம் என்று போட்டிருந்தது. வேறொரு நாளென்றால் குதித்திருப்பேன், வேலைக்குச் சேர முதலே ஒரு பிழை! அன்று அவசரமாக அதை அழித்துத் திருத்தினேன். அவள் பாடத்தையும் பெறுபேற்றையும் வாசித்தாள், நான் தட்டினேன். காற்றாடி மெதுவாகும் போதெல்லாம் இருவரும் மேலே பார்த்தோம். கரண்ட் போகவில்லை.

முகவரிப் பக்கம் வந்தது. இப்போதைய வீடு, எப்போதிலிருந்து. முந்திய வீடு, எப்போதுவரை. காலையில் எரிச்சலூட்டிய அதே பெட்டிகள்தான். என் இரண்டு வீடுகளும் அதற்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக, சண்டை பிடிக்காமல் உட்கார்ந்தன. இடம் மாறிய காரணம் என்ற பெட்டியில் 'திருமணம்' என்று எழுதினேன். சம்மதத்துக்கு அடையாளமிட்டு அனுப்பினேன்.

அஸர் பாங்கு கேட்டது. மாமி வாசலில் வந்து நின்றார். "மகன், பாஸ்போட்?"

நான் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்தேன். வேறென்ன செய்ய? கொடுக்க நீட்டிய நேரம் மேசையில் ஃபோன் அதிர்ந்தது. மிஸ். 'ஒரே ஆள்தான்னு எச்.ஆர். ஏத்துக்கிட்டாங்க. எங்க பேர்ல பதிஞ்சாச்சு. செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. வேலை கிடைக்கும்னு நான் சொல்லல.'

மனைவி அதைச் சத்தமாக வாசித்தாள், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு. மாமி அவளுடைய வயிற்றைப் பார்த்தார், என் கையிலிருந்த பாஸ்போட்டைப் பார்த்தார். பிறகு தன் ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

"தம்பி, மருமகனுக்குக் கொழும்புக் கம்பனில இன்டர்வியூவாம். செவ்வாய் வரைக்கும் பொறு. ஓம், ஓம், பிறகும் அனுப்பலாம்தானே."

பாஸ்போட்டை மேசையில் வைத்தேன். செவ்வாய் வரைதான் தவணை. இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று அடுத்த பயம் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தது. ஃபோன் மீண்டும் அதிர்ந்தது. இன்டர்வியூவுக்கு முன் நிரப்ப வேண்டிய இன்னொரு ஃபோம்.

மிஸ்ஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. சான்றிதழ்க் கோப்பை மூட வேண்டாம் என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன்.