நீல மூடிக் குழாயின் கோடு

தென்காசியில் ஊசிக்குப் பயந்த பிள்ளைகளை அய்யாக்குட்டியின் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் கூட்டிப் போவார்கள். கை அவ்வளவு லேசு. பிள்ளை முகத்தைச் சுளித்தாலே ஊசியை உருவிவிடுவார். போன மாசியில் அவர் இறந்தபோதும் ஊர் அதைத்தான் சொல்லி அழுதது. அந்தக் கை ஒரு தடவை தப்பு செய்ததை அவரே சொல்லித் திரிந்தார்.

வடகரை சாஜிதாவின் மகன் முஃபீத்துக்கு வயது பத்து. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. உதடும் நகமும் நீலம். எட்டு மாதம் காத்துக் கிடைத்த ஆபரேஷன் தேதி, சென்னையில், அடுத்த திங்கள். அதற்கு முன் ரத்த முடிவுகளை அனுப்ப வேண்டும்.

நீல மூடிக் குழாய் பாதி நிறைந்ததுமே முஃபீத் முனகினான்.

"போதும் அண்ணாச்சி, பாவம்" என்றாள் சாஜிதா. அவர் நிறுத்திவிட்டார்.

பதின்மூன்று விநாடியில் உறைய வேண்டிய ரத்தம் இருபத்தாறு எடுத்தது. சென்னையிலிருந்து போன் வந்தது: உறைதலில் கோளாறு இருந்தால் கத்தி வைக்க முடியாது, தேதி வேறு பிள்ளைக்குப் போகும்.

அய்யாக்குட்டி குப்பையிலிருந்து அந்தக் குழாயை எடுத்துப் பார்த்தார். ரத்தம், குழாயில் அளவு குறித்த கோட்டுக்கு வெகு கீழே நின்றது. உறையாமல் தடுக்கும் சிட்ரேட் மருந்து அதில் முழு அளவு, ரத்தம் பாதி. மிஞ்சிய மருந்து, ரத்தத்தை உறைய வைக்கச் சோதனையில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறுக்குக் காரணம் தன் இரக்கம்தான் என்று புரிந்தது.

மறுநாள் கோடுவரை எடுத்தார். அப்போதும் பத்தொன்பது.

சாஜிதா சுவரில் சாய்ந்துவிட்டாள். "அப்ப நோய்தானா அண்ணாச்சி?"

"இரு தாயி." பையனின் மற்ற முடிவுகளை எடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் அணுக்கள் மட்டுமே நூற்றுக்கு அறுபத்தாறு. நீலப் பிள்ளைகளுக்கு ரத்தம் அப்படித்தான் தடித்துவிடும். பிளாஸ்மா என்கிற தெளிநீர் மூன்றில் ஒரு பங்குதான். மருந்து கலப்பது அந்தத் தெளிநீரில். குழாய் நிறைந்தாலும் மருந்து கூடுதல்தான்.

கணக்குப் போட்டார். புதுக் குழாயைத் திறந்து, அதிலிருந்த முந்நூறு மைக்ரோலிட்டர் சிட்ரேட்டில் நூற்றுமுப்பதை உறிஞ்சி வெளியே எடுத்தார். முஃபீத்தின் முன் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ கைய நீட்டணும்லே."

"கொசு கடிக்க மாதிரின்னு சொன்னீங்க. கொசு மூணு தடவயா வருமா, மாமா?"

"மொத நாளே ஒழுங்காக் கடிக்காத கொசு. எம்மேலதான் தப்பு."

முஃபீத் முனகினான். சாஜிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த முறை அவர் நிறுத்தவில்லை. சிரிஞ்சில் சரியாக இரண்டு புள்ளி ஏழு மில்லி வந்த பிறகே உருவினார். அளந்து குழாயில் விட்டு, மெல்லக் கவிழ்த்துக் கலந்தார்.

பதின்மூன்றரை விநாடி.

அறிக்கையின் அடியில், சிட்ரேட்டைக் குறைத்ததையும் ஏன் என்பதையும் எழுதினார். முதல் குழாய் குறைவாக நிரப்பப்பட்டது, எடுத்தவர் அய்யாக்குட்டி என்றும் எழுதிக் கையெழுத்திட்டார். அன்று மாலையே சென்னை ஒத்துக்கொண்டது. சனிக்கிழமை பொதிகை ரயிலில் தாயும் மகனும் ஏறினார்கள்.

அவர் இறந்த வீட்டுக்கு முஃபீத் வந்திருந்தான். நகமெல்லாம் சிவந்திருந்தது.