நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்

கிள்ளான் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தனபாக்கியத்துக்கு ஒரே மகள் சுலோச்சனா. சிறுநீரக நோயால் வீங்கிக் கிடந்தவளை ஸ்டீராய்டு மாத்திரைதான் மீட்டது. அளவைக் குறைத்தபோதெல்லாம் வீக்கம் திரும்பியதால் மூன்று வருடமாக மாத்திரை தொடர்ந்தது. முகம் உருண்டு பருத்தது. உயரம் மட்டும் இரண்டு வருடமாக நூற்றுப் பதினெட்டிலேயே நின்றது.

“ஏன் டாக்டர் வளரவே மாட்டேங்குறா?”

“எலும்பு வளர்ற நுனியை இந்த மருந்து அடக்கிடுதும்மா.”

“அப்போ நிறுத்திடுங்க லா!”

“திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. இத்தனை நாள் வெளியிலேருந்து கொடுத்ததால, அவ உடம்பு அதே மாதிரி ஹார்மோனைத் தானா சுரக்கிறதைக் குறைச்சிடுச்சு. மெல்லக் குறைச்சுப் பார்ப்போம். வீக்கம் வந்தா மறுபடி கூட்டணும்.”

மறுநாள் காலை சுலோச்சனா கையை நீட்டினாள்.

“இதைச் சாப்பிட்டா வளருவேனாம்மா?”

தனபாக்கியம் மாத்திரைகளை அந்தச் சின்னக் கையில் வைத்தாள்.