கட்டைவிரலுக்குக் கீழே

எங்கள் அண்ணிக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தது நான்தான். அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பார், சரி, எல்லாரும் பார்ப்பதுதான். அண்ணி அந்தத் தேதியை நகத்தால் சுரண்டியும் பார்ப்பார், மேலே ஒட்டியிருக்கிறார்களா என்று. யாராவது நன்றாகப் பேசினால், 'இவன் எதுக்கு இப்படிக் குழையுறான்?' என்பார். இப்படிப்பட்ட ஆளுக்கு டயர் கடையில் வேலை. வருகிறவர்கள் போனில் டயர் படத்தைக் காட்டி இது என் காருக்கு ஆகுமா என்று கேட்பார்கள். படத்தை இழுத்துப் பெரிதாக்கி, ஓர் ஓரம் விடாமல் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

நான் ஓட்டுவது ஏழு பேர் உட்காரும் வாடகை கார், வேறு ஒருவரிடமிருந்து வாங்கியது. என் மகள் பள்ளியின் வாலிபால் அணியில் இருக்கிறாள். மறுநாள் மலைமேல் உள்ள ஊரில் தேர்வு ஆட்டம். ஐந்து பெண்கள், அவர்களுடைய பயிற்சியாளர், பைகள், பந்துகள் எல்லாம் என் காரில்தான். அங்கே ஆடாவிட்டால் மாநில அணியை மறந்துவிட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து முன்பக்க டயர் ஒன்றின் பக்கவாட்டில் கொப்புளம் கிளம்பியிருந்தது. இன்னொன்று வழுக்கையாகிவிட்டது.

என் நண்பன் மொட்டையிடம் இதே மாதிரி கார் ஒன்று இருந்தது. பின்னால் எவனோ இடித்து வண்டி ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டது. முன் டயர் இரண்டும் புதுசு மாதிரி இருக்கு, எடுத்துக்கோ என்று சொல்லிப் படம் அனுப்பினான். அதோடு நேராக அண்ணியின் கடைக்குப் போனேன்.

அண்ணி படத்தைப் பெரிதாக்கினார். "பெருசா எழுதியிருக்கிறது கம்பெனி பேரு. வெல்டிரா. கேள்விப்பட்ட பேருதான். சைஸ் நூத்தி எண்பத்தஞ்சு, அறுபத்தஞ்சு, ஆர் பதினஞ்சு. உன் காருக்கு இதே சைஸுதான்."

"அப்புறம் என்ன? மாட்டிடலாம்ல?"

"இரு. பதினஞ்சுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

பார்த்தேன். மொட்டையின் கட்டைவிரல் இருந்தது.

"கம்பெனி பேரு தெரியுது, சைஸ் தெரியுது. எவ்வளவு பாரம் தாங்கும்னு எழுதியிருக்கிற இடத்துல மட்டும் விரலு. இது தானா வந்த விரலா, வச்ச விரலா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "ஐயோ அண்ணி! அவன் ஒரு கையில டயரைப் பிடிச்சிருப்பான், ஒரு கையில போனைப் பிடிச்சிருப்பான். விரலைக் கழட்டி வச்சிட்டா படம் எடுப்பான்?"

"விரலை எடுத்துட்டு மறுபடி படம் எடுக்கச் சொல்லு. சைஸுக்குப் பக்கத்துல உள்ள எண்ணும் எழுத்தும் முழுசா தெரியணும். அடுத்த பக்கமும் வேணும். எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு நாலு எண் இருக்கும், அது ஒரு பக்கம்தான் இருக்கும். இந்தப் பக்கம் இல்ல."

மொட்டைக்குச் செய்தி அனுப்பினேன். அண்ணியின் பின்னால் அலமாரியில் புது டயர்கள் அடுக்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதில் என் சைஸும் ஒரு ஜோடி இருந்தது. ஓ, விஷயம் அப்படியா? கடைச் சரக்கைத் தள்ளத்தான் இந்த விசாரணையா? சொந்தக் கொழுந்தனிடமே வியாபாரமா? கேட்டே விட்டேன்.

அண்ணி கோபப்படவில்லை. "கேட்டது நல்லது. யாரையும் நம்பாத, என்னையும் சேர்த்துதான்" என்றார். பிறகு, "இப்ப வண்டியில இருக்கிற முன் டயரைப் படம் எடுத்துட்டு வா. ஒத்துப் பாக்கலாம்" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்து வந்தேன். கொப்புளம் விட்ட அந்த டயர் பழைய உரிமையாளர் காலத்தது. அண்ணி அதைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் மாறியது.

"தொண்ணூத்தி ரெண்டு போட்டிருக்கு. பக்கத்துல எக்ஸ்எல்லுன்னும் இருக்கு, கூடுதல் பாரத்துக்குச் செஞ்சது. தம்பி, பின்னாடி டயர் எது?"

"நீங்க போட்டதுதானே? போன வருஷம்."

அண்ணி எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, கைக்குட்டையால் சேற்றைத் துடைத்தார். சைஸுக்கு அடுத்து எண்பத்தெட்டு என்று இருந்தது. எக்ஸ்எல் இல்லை. எழுந்து ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணில் கார் கம்பெனி ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் படித்தார். நான் அந்தக் கதவைத் தினமும் திறப்பவன். அங்கே ஒரு ஸ்டிக்கர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நாலுக்கும் தொண்ணூத்தி ரெண்டு கேக்குது" என்றார்.

"நாலு எண்தானே அண்ணி வித்தியாசம்?"

"அது கிலோ இல்ல. எண்பத்தெட்டுன்னா ஒரு டயர் ஐநூத்தி அறுபது கிலோ தாங்கும். தொண்ணூத்தி ரெண்டுன்னா அறுநூத்தி முப்பது. ஏழு பேரும் பையும் ஏறினா பாரம் எல்லாம் பின்னாடிதான் உக்காரும். மலை ஏறி, சூடாகி, வளைவுல..."

இந்த ஒரு வருடமாக இந்தப் பெண்களை எத்தனை ஊருக்கு அழைத்துப் போயிருப்பேன்!

"எப்படி அண்ணி? நீங்களா?" என்றேன். குத்திக் காட்டத்தான் கேட்டேன், மறைப்பானேன்.

"நீ அப்ப பழைய பின் டயரைப் படம் எடுத்து அனுப்பின. அதுல எண்பத்தெட்டு இருந்துச்சு. அதையே போட்டேன். உனக்கு முன்னாடி வண்டிய வச்சிருந்தவன் தப்பாப் போட்டிருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல. ஊரையே சந்தேகப்பட்டேன், அந்தத் தேஞ்சுபோன டயரை நம்பிட்டேன். கதவைத் திறந்து பாக்கல." கண் கலங்கியிருந்தது. அண்ணியை அப்படி நான் பார்த்ததே இல்லை. கேட்டிருக்க வேண்டாமோ என்று ஆகிவிட்டது.

கடையில் இருந்த ஜோடியைப் புரட்டிப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு, எக்ஸ்எல். ஆனால் அது ஒரு ஜோடிதான். வேறு கடைகளுக்குப் போன் போட்டார், எங்கும் இல்லை. பயணத்தை நிறுத்திவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மொட்டையின் அடுத்த படங்கள் வந்தன. இந்த முறை விரல் இல்லை.

விரல் இருந்த இடத்தில் தொண்ணூற்றிரண்டு. அதன் பக்கத்தில் எக்ஸ்எல். அடுத்த பக்கத்து நான்கு எண்களும் போன வருடத்தையே காட்டின.

"அவன் விரலைக் கும்பிடணும்" என்றேன்.

"கும்பிடு அப்புறம். இடிபட்ட வண்டியில இருந்து கழட்டினது, நேர்ல கொண்டு வரச் சொல்லு."

மொட்டை கொண்டு வந்தான். அண்ணி இரண்டையும் உள்ளும் புறமும் தடவி, வெட்டோ வீக்கமோ இருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. "என்னக்கா, என் விரலைக் கைது பண்ணப் பார்த்தீங்களாமே?" என்றான் அவன். அண்ணி சிரிக்கவில்லை. "தப்பா நினைச்சுட்டேன், தம்பி" என்றார்.

புது ஜோடி பின்னால், மொட்டையின் ஜோடி முன்னால் என்று மாட்டினோம். அண்ணி தானே காற்றழுத்தமும் பார்த்தார். பின்னாலிருந்து கழற்றிய இரண்டையும் தன் மேசைக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்துக்கொண்டார். "என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை பெண்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். வண்டியை எடுக்கப் போனால் அண்ணி தெருமுனையிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு வருகிறார். வந்தவர் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து, ஒவ்வொன்றாகக் குனிந்து, சைஸுக்கு அடுத்துள்ள எண்ணை வாய்விட்டுப் படித்தார். பிறகு கதவைத் திறக்கச் சொல்லி ஸ்டிக்கரையும் படித்தார்.

என் மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பெரியம்மா, நேரமாச்சு! நேத்து நீங்கதானே மாட்டினீங்க? இன்னும் என்ன பாக்குறீங்க?"

"நான் மாட்டினதுனாலதான் பாக்குறேன்" என்றார் அண்ணி.