கொக்குக்கு எடுத்த பை

மலையேற்றச் சாமான் விற்கும் கடையில் முதுகுப்பைகள் தொங்கும் சுவர் முழுக்க அவள் பொறுப்பு. மூன்று வருடமாக ஊரார் முதுகையெல்லாம் அளந்திருக்கிறாள். ஆனால் ஒரு மலை மேலும் கால் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போகும் குழுவில் இடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். "காலியானா சொல்றேம்மா" என்பார் குழுத் தலைவர். காலியானது. அந்த இடம் அவருடைய அலுவலகத்திலேயே வேலை பார்த்த இவள் தங்கைக்குப் போனது.

நீளமான கால்களால் தங்கைக்கு வீட்டில் கொக்கு என்று பெயர். பள்ளியில் ஓட்டம், தாண்டல், மேடை எல்லாம் அவளுக்குத்தான். அக்காவுக்கு மிஞ்சியது கைதட்டும் வேலை. இப்போது கொக்கு கடைக்கே வந்து நின்றாள்.

"அக்கா, அந்த நீலப் பைய எடு. என் ஒசரத்துக்கு அதான் எடுப்பா இருக்கும்."

முப்பத்தெட்டு லிட்டர், நீள முதுகுக்கான பெரிய அளவு. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற நடைக்கு இருபது, இருபத்தைந்து லிட்டரே தாராளம். வேறு யாராவது கேட்டிருந்தால் அக்கா கொக்கியிலிருந்து கழற்றியே இருக்க மாட்டாள். தலையைக் குனியச் சொல்லி, கழுத்தடியில் புடைக்கிற எலும்பிலிருந்து நாடாவைத் தொங்கவிட்டு, இரண்டு இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நேர்கோட்டில் நிறுத்தி அளந்திருப்பாள். அளக்காமலே அவளுக்குத் தெரிந்தது. கொக்குக்கு உயரமெல்லாம் காலில், முதுகு குட்டை.

"போட்டுப் பாரு" என்றாள்.

காலிப் பை. பாரம் வைத்துப் பார்க்கும் மணல்மூட்டைகள் கையெட்டும் தூரத்தில் இருந்தும் எடுத்து உள்ளே வைக்கவில்லை. இடுப்புப் பட்டை எலும்புக்குக் கீழே சரிந்து பின்பக்கத்தில் தொங்கியது. முடிந்த மட்டும் இறுக்கியும் பட்டையின் இரண்டு பஞ்சுமெத்தைகளும் வயிற்றின் முன்னால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அதற்கு மேல் இறுக வழியில்லை.

"எப்டி இருக்கு?"

"உனக்கென்ன, ராணி மாதிரி இருக்க."

கொக்கு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அக்காவுக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது, சுட்டது.

மலைக்குப் போய் வந்த மறுநாள், திங்கள் மாலை, கொக்கு குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு தோளிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. இடம் இருக்கிறதே என்று கண்டதையும் அள்ளித் திணித்திருக்கிறாள். இடுப்பு தாங்க வேண்டிய பாரமெல்லாம் தோளில் இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இழுத்திருக்கிறது. பாதி மலையிலேயே அவள் பையை இன்னொருவர் வாங்கிச் சுமந்தாராம்.

"என் ஒடம்புக்கு மலை ஒத்து வராதுக்கா. தலைவர்கிட்ட சொல்லிட்டேன். என் எடத்த நீ எடுத்துக்கோ. நீதான ஆசப்பட்ட?"

இவ்வளவு நாள் ஏங்கியது வாயருகே வந்து நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா மருந்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொக்கு தலையணையில் முகத்தைப் புதைத்து, "நான் எதுக்குமே லாயக்கில்ல" என்றாள். அவள் இப்படிச் சொல்லி அக்கா கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று எத்தனை முறை ஆசைப்பட்டிருக்கிறாள்! கேட்டபோது இனிக்கவில்லை.

"ஒடம்புல ஒண்ணுமில்லடி. பைதான் தப்பு. உன் முதுகுக்கு சின்ன அளவுதான் சரி."

கொக்கு திரும்பிப் பார்த்தாள். "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா குடுத்த?"

"எடம் உனக்குக் கெடச்சிருச்சுல்ல. வயித்தெரிச்சல்."

கொக்கு கத்தவில்லை. சட்டையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். கத்தியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை, மறுநாள் நடைக்கு வேறு பை வாங்கக் கொக்கு கடைக்கு வந்தாள். அக்கா நாடாவை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். கொக்கு அவளைத் தாண்டிக் காலணிப் பிரிவுப் பெண்ணிடம் போய், "நீங்க அளந்து பாக்குறீங்களா?" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு வேலை தெரிந்திருந்தது. குனியச் சொன்னாள், எலும்பைத் தொட்டுப் பார்த்தாள், அளந்தாள். இருபத்திரண்டு லிட்டர், சின்ன அளவு. மணல்மூட்டையை உள்ளே வைத்து, முதலில் இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்கி, அப்புறம்தான் தோள்வாரை இழுத்தாள். வார் இடைவெளி இல்லாமல் தோளோடு வளைந்து படிந்தது. மெத்தைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலம் இடம் விட்டிருந்தது.

"அய்யோ, பாரமே தெரியலங்க! ராசியான கை உங்களுக்கு!"

அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மழைச்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு இப்போது தங்கை மேல் பொறாமை இல்லை. தங்கையின் முதுகில் கை வைத்திருந்த அந்தப் பெண்ணைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.