பூஜ்யம் என்று எழுதாத தாள்

அப்பா யாரிடம் பேசினாலும் இடது கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருப்பார். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். அதில் இரண்டு விரல்கள் இல்லை.

எண்ணெய்க் குழாய்க்குள் ஓடிச் சுத்தம் செய்து வந்த ‘பிக்’ என்ற கருவியை வெளியே எடுக்க, தமிழ் வேலைமுறைத் தாளில் இருந்தபடி ‘அழுத்தத்தைக் குறைத்து’ அப்பா குழாய்முனைக் கதவைத் திறந்தார். உள்ளே மிச்சமிருந்த அழுத்தம் கதவை அவர் கைமேல் அடித்துத் தள்ளியது. ஆங்கிலத் தாளில் இருந்தது ‘பூஜ்யமாக்கி’. அதை மொழிபெயர்த்த இன்ஜினியரே விசாரணை அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்.

இப்போது கசிவுச் சோதனை, பிக் ஓட்டும் வேலை ஆகியவற்றின் தாள்களைத் திருத்தி மொழிபெயர்ப்பது என் வேலை. அழுத்தத்தை வெளியேற்றும் வென்ட் திறந்திருக்க, அழுத்தமானி பூஜ்யம் காட்டிய பிறகே கதவைத் தொடு என்று எழுதினேன். திருத்தப் பட்டியலில் பழைய பிழையையும் அந்த இன்ஜினியரின் பெயரையும் சேர்த்தேன். அவரே என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, பேரை மட்டும் எடுத்துடுங்க.”

“எடுத்தா அது என் கவனக்குறைவு ஆயிடும் சார்.”

இது நியாயமா, பழிவாங்கலா? தெரியவில்லை, இனித்தது. அப்பாவின் விபத்துக் கோப்பில் உள்ள ‘கவனக்குறைவு’ என்பதைத் திருத்தும் கடிதத்தை மட்டும் அந்த இன்ஜினியர் இன்னும் எழுதவில்லை.