கறுப்புக் கட்டம் போட்ட விலை உயர்வுக் கடிதம்

இதை எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து, தாளை எடுத்து வைத்து, மறுபடி மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். எழுதினால் நான் செய்த பாவமும் ஊருக்குத் தெரியும். எழுதாவிட்டால் எனக்கு நடந்த அநியாயம் என்னோடு போய்விடும். அம்பாள் சந்நிதியில் நின்று கேட்டுப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை. தயங்கித் தயங்கியே வருஷங்கள் ஓடிவிட்டன. நான் எட்டாவது வரை படித்தவன். பிறர் எழுதிக் கொடுத்ததை எழுத்தெழுத்தாகக் கோத்து அச்சடித்தே குடும்பம் நடத்தினேன். சொந்தமாக எழுதும்போது குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் கழித்து, புதுக்கோட்டையில் ஒரு சின்ன அச்சாபீஸ் வைத்தேன். காலால் மிதித்து ஓட்டும் மெஷின் ஒன்று, எழுத்துப் பெட்டிகள், அச்சுக் கோக்க ஒரு ஆள். அவ்வளவுதான். மீமிசல் கருவாட்டு வியாபாரிக்குப் பில் புத்தகம், குன்றாண்டார்கோவில் பக்கத்துத் திருவிழா நோட்டீசு, ஆவூர்ப் பக்கம் மாதா கோயில் நோட்டீசு, பொன்னமராவதிக் கடைகளுக்கு ரசீது, தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை என்று வேலை வந்துகொண்டிருந்தது. எல்லாரையும் விடப் பெரிய வாடிக்கை எங்கள் ஊர் ஜவுளிக்கடை முதலாளி. தீபாவளிக்கும் ஆடிக்கும் ஆயிரக்கணக்கில் நோட்டீசு அடிப்பார். காகிதத்தை மட்டும் அவரே வாங்கிக் கொடுத்துவிடுவார். கூலி எனக்கு.

அறுபதுகளின் தொடக்கத்தில் காகிதம், மை, ஈய எழுத்து எல்லாமே விலை ஏறின. தேய்ந்த எழுத்தை மாற்ற மதுரைக்குப் போனால் பழைய விலைக்குப் பாதி எழுத்துதான் வந்தது. அச்சுக் கோப்பவருக்கும் சம்பளம் கூட்டியாக வேண்டும். ஒன்பது வருஷமாக ஒரே கூலி வாங்கியவன், ரூபாய்க்கு இரண்டணா கூட்டுவதென்று முடிவெடுத்தேன். நயா பைசா வந்த பிறகும் எங்களுக்கு அணாக் கணக்குத்தான். வாய்ச்சொல்லாக ஒவ்வொருவரிடமும் சொன்னால் ஆளுக்கொரு விதமாகப் பேரம் வரும். அதனால் எல்லா வாடிக்கைக்காரருக்கும் ஒரே மாதிரி ஒரு கடிதம் அச்சடித்து அனுப்புவது என்று நினைத்தேன்.

மேலே பிள்ளையார் சுழி. "இத்தனை வருஷமாக எங்களை ஆதரித்து வரும் தங்கள் சமூகத்துக்கு நமஸ்காரம். காகிதமும் எழுத்தும் விலை ஏறிவிட்டபடியால், வருகிற மாதம் முதல் கூலியில் ரூபாய்க்கு இரண்டணா கூட்ட வேண்டிய நிர்ப்பந்தம். வேலையின் சுத்தத்தில் ஒரு குறையும் வராது. தாங்கள் எப்போதும்போல ஆதரிக்க வேண்டும்." இவ்வளவுதான் முதலில் எழுதியது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் கடிதத்தை ஜவுளிக்கடை முதலாளியிடம் என் கையாலேயே கொடுக்கப் போனேன். பெரிய வாடிக்கைக்குச் செய்கிற மரியாதை அது.

கடையில் சேலை எடுக்கிற கூட்டம். முதலாளி கடிதத்தை எட்டப் பிடித்துப் படித்தார்.

"கூலி ஏத்தணுமா? ஏய்யா, நீ எங்கிட்ட எடுக்குறது பத்தலையா?"

"நான் என்னங்க எடுத்தேன்?"

"ரீமுக்கு ஐநூறு தாள். தாளுக்கு நாலு நோட்டீசு. ரெண்டாயிரம் வரணும்ல? ஒவ்வொரு தடவையும் எம்பது கொறையுது. அந்தத் தாளெல்லாம் எங்கிட்டுப் போகுது? கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒதுங்குதாக்கும்!"

கூட்டம் சிரித்தது. "மொதலாளி, கெட்டுப்போன தாளையும் கட்டித்தானே குடுத்து விடுறேன்" என்றேன். "கெட்டது எனக்கு, நல்லது ஒனக்கு" என்று சொல்லிவிட்டு, கடிதத்தைச் சேலைக்கு அடியில் விரிக்கிற பழைய தாள்களோடு போட்டார். கடைச் சிப்பந்தி ஒருவன் அதன் மேல் நடந்து போனான்.

வெறும் வாய்ச் சண்டை என்றால் மறந்திருப்பேன். அந்த வாரமே மீமிசல் வியாபாரி, பில் புத்தகம் வாங்க வந்தவர், கடைவீதிப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, நம்ம காகிதத்துலயும் கத்தரி போட்டீகளா?" அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. திருட்டு அச்சாபீஸ் என்று பேர் வந்துவிட்டால், இரண்டணாவை விடுங்கள், பழைய கூலிக்கே யார் வேலை தருவார்கள்?

அச்சாபீஸ் மூலையில் முதலாளி கொடுத்த இன்னொரு ரீம், கட்டுப் பிரிக்காமல், அவர் கடை முத்திரையோடு கிடந்தது. மேலுறையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் 480 தாள் என்று போட்டிருந்தது. எல்லாம் புரிந்துவிட்டது. பழைய கணக்கில் ஒரு ரீம் என்றால் இருபது குயர், குயருக்கு இருபத்துநாலு தாள். புதிதாக வரும் ரீமில்தான் ஐநூறு. முதலாளி மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சரக்கை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, புதுக் கணக்கில் எண்ணியிருக்கிறார். இருபது தாளுக்கு எண்பது நோட்டீசு. ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை.

அந்த ரீமைத் தோளில் வைத்துக்கொண்டு போய், "இங்க பாருங்க மொதலாளி" என்று தனியாகக் காட்டியிருந்தால் கால் மணியில் முடிந்திருக்கும். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். "போய்க் காமிச்சிட்டு வாங்க. மனுசன்தானே, புரிஞ்சுக்குவாக." நான் போகவில்லை. அவர் புரிந்துகொள்வதில் எனக்கு ஆசை இல்லை. கூட்டத்தில் பட்டதைக் கூட்டத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அம்பாளுக்கு விளக்குப் போடும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தில் இன்னும் நாலு வரி சேர்த்தேன். "ஒரு ரீமுக்கு எத்தனை தாள் என்று அறியாத ஒருவர் எங்களைத் திருடர் என்று சொல்லி வருகிறார். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அவருடைய முத்திரை உடையாத ரீமை எல்லார் முன்னிலும் எண்ணுகிறோம். கூலி உயர்வு நியாயமா என்பதையும் அன்று கேட்டுக்கொள்ளலாம்." இது எல்லாருக்கும் போனது.

முதலாளிக்குப் போன ஒரு பிரதி மட்டும் வேறு. பிள்ளையார் சுழியை எடுத்தேன். கருமாதிப் பத்திரிகைக்கு வைக்கிற தடித்த கறுப்புக் கோட்டை நாலு பக்கமும் நிறுத்தினேன். அச்சுக் கோப்பவர் கையை எடுத்துவிட்டார். "உசுரோட இருக்குற மனுசனுக்கா? நான் தொட மாட்டேன்ங்க. பாவம் சுத்திக்கும்." நானே கோத்தேன். நானே மெஷினை மிதித்து ஒரே ஒரு தாள் அடித்தேன். அதே மாதிரி கறுப்புக் கரை வைத்த உறையில் போட்டு, தபாலில் சேர்த்தேன். மஞ்சள் கிடையாது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தார். கறுப்புக் கரை போட்ட உறையை வியாபார நேரத்தில் கடையில் பிரிக்க மாட்டார்கள். கணக்குப்பிள்ளை அதைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் இருந்தது முதலாளியின் தாயார். படிக்கத் தெரியாது. மகளைக் கட்டிக் கொடுத்த ஊரில் ஏதோ நடந்துவிட்டதென்று அந்தம்மா கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொல்வதற்குள் தெருவே கூடிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மீமிசல் வியாபாரி வந்தார். குன்றாண்டார்கோவிலிலிருந்து நோட்டீசு கொடுக்கிறவர், மாதா கோயில் கணக்கு எழுதுகிறவர், உள்ளூர்க் கடைக்காரர் சிலர் என்று வாசல் நிறைந்தது. பத்து மணிக்கு முதலாளியே வந்தார். கையில் அந்தக் கடிதம்.

"ஏன்யா, நீ மனுசனா? எங்க ஆத்தா தலைக்கு ஊத்திக்கிட்டு மாரடிச்சு அழுதுச்சு. யாருய்யா செத்தா எங்க வீட்டுல?"

"ஒங்க வீட்டுல யாரும் சாகலைங்க மொதலாளி. ஒங்க கடையில எம் பேரு செத்துச்சு. அதுக்குத்தான் ஓலை அனுப்புனேன்."

அவர் கையை ஓங்கினார். மீமிசல் வியாபாரி நடுவில் புகுந்தார். "அடிக்கிறதை அப்புறம் அடிங்க. நான் நாப்பது மைலு பஸ்ஸுல நின்னுக்கிட்டு வந்திருக்கேன். முதல்ல எண்ணுங்க."

ரீமை மேஜையில் வைத்தேன். "முத்திரை ஒங்களுது. ஒடைக்கிறதும் நீங்கதான், எண்ணுறதும் நீங்கதான்." முதலாளி உறையைக் கிழித்தார். வாய்விட்டு எண்ணச் சொன்னேன். ஜவுளி முழம் போட்ட விரல்; காகிதம் வழுக்கியது. நெற்றியில் வேர்வை. நானூற்று எண்பதில் கை நின்றது. மேஜையில் தாள் இல்லை.

"எங்கேயோ விட்டுட்டேன்" என்றார்.

"அப்ப இன்னொரு தடவை எண்ணுங்க" என்றேன். நின்றபடியே எண்ண வைத்தேன். நாற்காலி இருந்தது, போடவில்லை. இரண்டாம் தடவையும் நானூற்று எண்பது. அப்புறம்தான் மேலுறை ஓரத்தைக் காட்டினேன். முதலிலேயே காட்டியிருக்கலாம். வேண்டுமென்றேதான் காட்டவில்லை.

"காகித மில்லுக்காரந்தான் களவாணி போலருக்கு" என்று மீமிசல் வியாபாரி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் காதில் நாதஸ்வரம் மாதிரி விழுந்தது. முதலாளி கறுப்புக் கட்டக் கடிதத்தை மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வந்தவர்கள் அத்தனை பேரும் இரண்டணா உயர்வுக்குச் சம்மதித்தார்கள். மாதா கோயில்காரர் அங்கேயே முன்பணம் கொடுத்தார். என் பேர் பிழைத்தது.

ஆனால் தை வந்தது, கல்யாணப் பத்திரிகை வரவில்லை. உயிரோடு இருப்பவருக்குக் கருமாதி ஓலை அடித்த மெஷினில் யார் முகூர்த்தப் பத்திரிகை அடிப்பார்கள்? அடுத்த தையிலும் வரவில்லை. பில் புத்தகமும் ரசீதும் போட்டுத்தான் கஞ்சி குடித்தோம். என் மனைவி, "அந்தம்மா கால்ல விழுந்துட்டு வாங்க" என்று அழுதாள். போனேன். அந்தம்மா உள்ளே கூப்பிட்டார். "ஒனக்கு எம்மகன் செஞ்சது தப்புதான். ஆனா எம் வயித்துல ஏன்டா அடிச்சே?" என்று மட்டும் கேட்டார். காலில் விழுந்தேன். எழுப்பி மோர் கொடுத்தார். முதலாளி உள்ளறையில் இருந்தார், வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அந்தம்மாவுக்குச் செய்தது பாவம். அதற்காக இன்றைக்கும் அம்பாளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். முதலாளியை இரண்டு தடவை எண்ண வைத்ததற்குக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவரைக் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம், நானூற்று எண்பது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அது சாமிக்கும் தெரியும்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால், இருக்கிறபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டி அந்தக் கறுப்புக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அவரை நல்லவராக்க வேண்டி அந்த இரண்டாவது எண்ணிக்கையையும் விட்டுவிடாதீர்கள்.