பொறுப்பு வாடிக்கையாளருடையது

திருவாதவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் சங்கிலி. அவருடைய மூத்த மகள் பவதாரிணி. கணினி அறிவியல் முடித்துவிட்டு மதுரை அண்ணாநகரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கீழே கட்டில், பீரோ விற்கும் கடை. மேல்மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஓர் அறை. ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு அவர்கள் மென்பொருள் செய்து கொடுத்தார்கள். லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவருக்குச் சாயங்காலம் ஒரு குறுஞ்செய்தி வரும். அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் ரிப்போர்ட் திறக்கும்.

நிறுவனத்தின் முதலாளி ராஜபாண்டிக்கு இணையம் வழியாகச் சர்வரும் சேமிப்பிடமும் வாடகைக்கு விடும் ஒரு பெரிய கிளவுட் கம்பெனியின் கூட்டாளி நிறுவனப் பட்டியலில் சேர ஆசை. அதற்கு ஊழியர்களில் சிலராவது அந்தக் கம்பெனியின் சான்றிதழ்த் தேர்வில் தேறியிருக்க வேண்டும். பவதாரிணி ஏற்கெனவே தேறியவள். அதனால் மற்றவர்களுக்குக் குறிப்பு எழுதித் தரும் வேலை அவள் தலையில் விழுந்தது.

அதை அவள் மனம் வைத்துச் செய்தாள். இங்கிலீஷ் புத்தகத்தை அப்படியே பெயர்க்காமல், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வதுபோல எழுதினாள். முதல் பகுதி சேவை வகைகள். வெறும் சர்வரை மட்டும் வாடகைக்கு எடுத்தால், அது காலி வீட்டை வாடகைக்குப் பிடிப்பது மாதிரி. உள்ளே போடும் இயங்குதளத்துக்கு அவ்வப்போது வரும் பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்ப்பதுகூட நம் வேலை. இயங்குதளமும் போட்டுத் தயாரான தளமாக எடுத்தால் அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் நிரலும் தரவும் நம்முடையவை. மென்பொருளாகவே எடுத்தால் எல்லாம் தயாராக வரும். ஆனாலும் உள்ளே யாரை விடுவது, எந்தத் தரவை வைப்பது என்பது நம் கையில்தான்.

இரண்டாவது விலை. பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் கொடுப்பது ஒரு வகை. சித்திரைத் திருவிழா வாரத்தில் மட்டும் கூட்டம் அள்ளும் அறை முன்பதிவுத் தளத்துக்கு அது பொருந்தும். வருடம் முழுக்க ஓடப்போவதை ஒரு வருடத்துக்கோ மூன்று வருடத்துக்கோ உறுதி சொல்லி எடுத்தால் விலை குறையும். மீந்து கிடக்கும் இடத்தை மலிவாக எடுக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டால் உடனே விட்டுவிட வேண்டும். பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டிக்கொள்ளக்கூடிய வேலைக்குத்தான் அது சரி.

மூன்றாவது பாதுகாப்புப் பொறுப்பு. கட்டடம், மின்சாரம், வன்பொருள் எல்லாம் கிளவுட் கம்பெனியின் பொறுப்பு. உள்ளே வைக்கும் தரவும், அதை யார் பார்க்கலாம் என்ற அனுமதியும் வாடிக்கையாளரின் பொறுப்பு. இதற்கு, ஒரு சூழலைச் சொல்லி விடை கேட்கும் கேள்வி ஒன்று வேண்டியிருந்தது. யோசித்துப் பார்க்காமல் தெரிந்ததையே எழுதினாள்.

'ஒரு பரிசோதனைக் கூடம் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளைக் கிளவுட் சேமிப்பில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அனுமதி திறந்திருக்கிறது. அடுத்தவர் ரிப்போர்ட்டை ஒருவர் படித்துவிட்டால் யார் பொறுப்பு?'

எழுதி முடித்ததும் கை நின்றது. தங்களுடைய சேமிப்பின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். திறந்துதான் கிடந்தது. நோயாளிகள் கடவுச்சொல் இல்லாமல் பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்தில் யாரோ அப்படி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கோப்புகளின் பெயர்களும் லேபின் குறியீட்டுக்குப் பின்னால் வரிசை எண்கள். ஓர் எண்ணை மாற்றிப் போட்டால் அடுத்தவருடைய ரிப்போர்ட் வரும். போட்டுப் பார்த்தாள். யாரோ ஒரு பெரியவரின் சர்க்கரை அளவு வந்தது. உடனே மூடிவிட்டாள்.

ராஜபாண்டியிடம் போய்ச் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்டார். திட்டவில்லை.

"மூடுனா என்னம்மா ஆகும்?"

"இதுவரைக்கும் அனுப்புன லிங்க் ஒண்ணும் தொறக்காது சார். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் மட்டும் செல்லுபடியாகுற லிங்க் குடுக்குற மாதிரி நிரல மாத்தணும். லேப் எல்லாத்துக்கும் புது வெர்ஷன் போடணும்."

"அம்புட்டையும் இப்ப மாத்துனா லேப்காரங்க நம்மள உண்டு இல்லைன்னு ஆக்கிருவாங்க. மொதல்ல பரீச்சை முடியட்டும். நம்மள மாதிரி சின்ன ஆளுகள எவன் வந்து நோண்டிப் பாக்கப் போறான்?" பிறகு சற்று யோசித்து, "அந்தக் கேள்வியில லேப்ன்னு போடாத. பசங்க வெளிய பேசிக்கிருவாங்க. ஸ்கூல்னு மாத்திரு" என்றார்.

பவதாரிணி மாற்றினாள். பரிசோதனைக் கூடம் பள்ளிக்கூடம் ஆனது. ரிப்போர்ட் மதிப்பெண் பட்டியல் ஆனது. விடை மட்டும் மாறவில்லை: பொறுப்பு வாடிக்கையாளருடையது. மாதிரித் தேர்வில் எல்லாரும் அதைச் சரியாகக் குறித்தார்கள். உண்மைத் தேர்விலும் தேறினார்கள். கூட்டாளிச் சின்னம் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ஏறியது. ராஜபாண்டி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அனுமதிப் பக்கத்தை மூட அவளுக்கும் அதிகாரம் இருந்தது. இரண்டு மூன்று இடத்தில் சொடுக்கினால் போதும். புது நிரல் எழுத நேரம் கொடுக்கட்டும், அன்றைக்கு மூடலாம் என்று அவள் காத்திருந்தாள். அடுத்த வேலை வந்தது. அதற்கடுத்த வேலையும் வந்தது.

அந்த லேபுகளில் ஒன்று வண்டியூரில் இருந்தது. அதை நடத்தியவர் பிலோமினாள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலையில் அவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நேரே உள்ளே வந்தார். கையிலிருந்த போனை ராஜபாண்டியின் மேசைமேல் வைத்தார்.

"இது என் லேப் ரிப்போர்ட். என் தெரு வாட்ஸப் குரூப்புக்கு எப்படிய்யா வந்துச்சு?"

ரிப்போர்ட்டில் முத்துமீனா என்று பெயர் இருந்தது. பக்கத்துப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர், கணவரை இழந்தவர். கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கும் சோதனைகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்திருக்கிறது. பிலோமினாள் அவரைத் தனியாக உட்கார வைத்து, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்லாரையும்போல வாழலாம் என்று சொல்லித் தேற்றி, அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்திருந்தார். அவர் போய் மாத்திரை வாங்கவும் தொடங்கிவிட்டார். அதற்குள் அதே தெருவில் ஒருவன், தனக்கு வந்த இணைப்பின் கடைசி எண்ணை விளையாட்டாக மாற்றிப் பார்த்திருக்கிறான். தெரிந்த பெயர் வந்ததும் குரூப்பில் போட்டுவிட்டான்.

"அந்தப் பொண்ணு சமைச்சத எங்க பிள்ளைகள் திங்காதுன்னு ஸ்கூல் வாசல்ல பெத்தவங்க கூடி நிக்கிறாங்க. சமைச்சா தொத்தாதுன்னு நான் தொண்ட கிழியச் சொல்றேன். ஒருத்தன் கேக்கல."

ராஜபாண்டி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "சிஸ்டர், உக்காருங்க. ரிப்போர்ட் எல்லாம் கிளவுட் கம்பெனி சர்வர்ல இருக்கு. அவங்க பக்கம்தான் ஏதோ லீக் ஆயிருக்கு. நாங்க எழுதிக் கேக்குறோம். பவா, சிஸ்டருக்குக் கொஞ்சம் வெளக்கமாச் சொல்லும்மா."

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அந்த விடை தெரியும்.

"கிளவுட் கம்பெனி மேல தப்பு இல்ல சிஸ்டர்" என்றாள் பவதாரிணி. "அவங்க இடம் குடுக்குறாங்க. யாரு பாக்கலாம்ங்கிற அனுமதிய நாமதான் போடணும். நாங்க தொறந்தே வச்சிருந்தோம்."

"ஒனக்கு இப்பத்தான் தெரியுமா?"

"இல்ல. பரீச்சைக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா மூடல?"

அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து அனுமதிப் பக்கத்தைத் திறந்தாள். ராஜபாண்டி, "ஏய், இப்பத் தொடாத, எல்லா லேபும் நின்னு போகும்" என்று கத்தினார். அவள் மூடினாள். சற்று நேரத்தில் ஒவ்வொரு லேபிலிருந்தும் ரிப்போர்ட் திறக்கவில்லை என்று போன் வரத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மறுபடி கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் பிலோமினாளுடன் அவள் முத்துமீனாவின் வீட்டுக்குப் போனாள். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த முத்துமீனா நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சிஸ்டர் இது?"

பவதாரிணியே சொன்னாள். எங்கே வேலை பார்த்தாள், என்ன தெரிந்திருந்தது, எதைச் செய்யாமல் விட்டாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். இப்போது மூடிவிட்டதாகவும் சொன்னாள்.

முத்துமீனா கோபப்படவில்லை. கட்டின முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். "மூடுனது சரிம்மா. தெருவுல அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சுபோச்சே. அத என்ன செய்வ?" என்றார். பிறகு பிலோமினாளிடம், "ராஜபாளையத்துல அக்கா வீட்டுக்குப் போறேன் சிஸ்டர். அங்க யாருக்கும் தெரியாது" என்றார்.

"அங்க உள்ள ஆஸ்பத்திரிக்கு மாத்தி எழுதித் தாரேன். மாத்திரைய மட்டும் நிறுத்திராத."

"சரி சிஸ்டர்."

பிலோமினாள் போலீசில் புகார் கொடுத்தார். பவதாரிணியும் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாள். குரூப்பில் போட்டவனை அழைத்து எச்சரித்து அனுப்பினார்கள். மற்ற விசாரணை நடக்கிறது என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. ராஜபாண்டி புதுப் பெயரில் வேறு நிறுவனம் ஆரம்பித்தார். பழைய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அவருடனேயே போனார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. திருவாதவூரில் சங்கிலி மகளிடம், "உண்மையச் சொன்னதுக்கு வேலைய விட்டா அனுப்புவாங்க?" என்று ஒரு முறை கேட்டார். "அதுக்கு மட்டும் இல்லப்பா" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

பல மாதம் கழித்து மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் சின்ன வேலை கிடைத்தது. ஐப்பசி மழையில் ஒருநாள் பிலோமினாள் போன் செய்தார். முத்துமீனா இறந்துவிட்டார். ராஜபாளையத்தில் மாத்திரை வாங்கும் வரிசையில் அக்கா வீட்டுத் தெருக்காரர் ஒருவரைப் பார்த்தாராம். பார்த்ததும் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மாத்திரையை விட்டதை அக்காவிடமும் சொல்லவில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்து காசநோய் பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முற்றியிருந்தது.

"சாக வேண்டிய நோயா பவா இது? பத்து வருசமா மாத்திரை சாப்புட்டு ஓடி ஆடி வேலை பாக்குறவங்கள எனக்குத் தெரியும்" என்று பிலோமினாள் அழுதார்.

பவதாரிணி பஸ் ஏறிப் போனாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வாசலில் வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா வெளியே வந்து, "மீனா கூட சமையல் வேலை பாத்தவகளா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. அவங்க ரிப்போர்ட்ட வச்சிருந்த கம்பெனியில வேலை பாத்தேன்."

ரிப்போர்ட் பரவிய கதை தங்கை சொல்லி அக்காவுக்குத் தெரியும். அழுது அழுது குரல் போயிருந்தது.

"எதுக்கு வந்தீக?"

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "இருட்டுறதுக்குள்ள கெளம்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.